ஒரு துணைக்குழு முடிவு, மூன்று வாசிப்புகள்

சிங்கப்பூர் தேக்காவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது உறவினர் ஒருவர் கைப்பேசியில் ஒரு மருத்துவ ஆய்வின் அட்டவணையைக் காட்டினார். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று மூன்று வரிசைகள். இந்தியர் வரிசையில் மட்டும் மருந்துக்குப் பலன் தெரியவில்லை. "நமக்கு இது வேலை செய்யாதாம், மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்றார். ஆய்வில் பங்கேற்றவர்களை இப்படித் துணைக்குழுக்களாகப் பிரித்துக் காட்டும் அட்டவணையை மூன்று விதமாக வாசிக்கலாம்.

அவர் வாசித்தது முதல் விதம். ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியே பார்த்து, இங்கே பலன் உண்டு, அங்கே இல்லை என்று தீர்ப்புச் சொல்வது. எளிது, ஆனால் மூன்றிலும் மோசமானது இதுவே. கற்பனையாக ஒரு கணக்கு: சிங்கப்பூரில் 1,000 பேரைச் சேர்த்தால் இந்தியர் சுமார் 90 பேர் இருப்பார்கள். பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்குப் போலி மாத்திரை. மருந்து எல்லாருக்குமே நோயை 20 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாகக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த 90 பேரில் எதிர்பார்க்க வேண்டியது போலி மாத்திரைப் பக்கம் 9 பேர், மருந்துப் பக்கம் 7 பேர். மருந்துப் பக்கம் தற்செயலாக இன்னும் இருவருக்கு நோய் வந்தால் போதும், பலன் முழுவதும் மறைந்துவிடும். "பலன் தெரியவில்லை" என்பதற்கு அங்கே பெரும்பாலும் ஆள் போதவில்லை என்றுதான் பொருள்.

இரண்டாம் விதம் கொஞ்சம் நேர்மையானது. ஒரு குழுவில் பலன் இருக்கிறதா என்று கேட்காமல், இரண்டு குழுக்களின் பலன்களுக்கு இடையே உள்ள வேறுபாடு தற்செயலைத் தாண்டியதா என்று கேட்கிறது. இதை இடைவினைச் சோதனை என்பார்கள். என் உறவினர் காட்டிய வகை அட்டவணைகளில் பெரும்பாலானவை இங்கேயே விழுந்துவிடும். ஆனால் இதையும் ஏமாற்ற முடியும். அதற்கு 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வே சாட்சி.

மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேர் அதில் பங்கேற்றார்கள். ஐந்து வாரங்களில் இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் ஆஸ்பிரின் பெற்றவர்களில் 9.4 விழுக்காடு, பெறாதவர்களில் 11.8 விழுக்காடு. ஐயத்துக்கு இடமில்லாத முடிவு. துணைக்குழுக்களை நம்பாதீர்கள் என்று எச்சரிப்பதற்காகவே ஆய்வாளர்கள் நோயாளிகளை ராசிவாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள். (நம் சந்திர ராசி அல்ல, பிறந்த தேதியை வைத்து மேலைநாட்டார் சொல்லும் ராசி.) மிதுனம், துலாம் ராசிக்காரர்களில் ஆஸ்பிரின் பெற்று இறந்தவர்கள் 150, பெறாமல் இறந்தவர்கள் 147. மற்ற பத்து ராசிகளில் 654க்கு எதிராக 869.

இந்த எண்களையும் ஒவ்வொரு பிரிவிலும் இருந்த மொத்த ஆட்களின் எண்ணிக்கையையும் வைத்து இடைவினைச் சோதனையை நானே போட்டுப் பார்த்தேன். இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வர வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் இரண்டுதான்! இதே விடை வயது பற்றியோ நீரிழிவு பற்றியோ வந்திருந்தால் தலைப்புச் செய்தியாகியிருக்கும். ஓட்டை எங்கே? பன்னிரண்டு ராசிகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 66 வழிகள் உண்டு. எண்களைப் பார்த்த பிறகு மோசமான இரண்டைப் பொறுக்கினால், அந்த ஆயிரத்தில் இரண்டு ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிடும். எத்தனை பிரிவுகளைத் தேடிப் பார்த்தார்கள் என்பது சோதனைக்குத் தெரியாது, அறிக்கையில் அது எழுதப்பட்டிருந்தால்தான் நமக்கும் தெரியும்.

அப்படியானால் பிரிவை முன்கூட்டியே அறிவித்துவிட்டால் போதுமா? போதாது என்று பிரெய்ஸ் ஆய்வு காட்டியது. கடும் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு அது, 1996இல் வெளியானது. ரத்தக்குழாய் அடைப்பால் இதயம் பழுதானவர்கள், வேறு காரணத்தால் பழுதானவர்கள் என்று தொடக்கத்திலேயே இரண்டு பிரிவுகள் செய்யப்பட்டிருந்தன. இரண்டாம் பிரிவில் இறப்பு 46 விழுக்காடு குறைந்ததாகத் தெரிந்தது, இடைவினைச் சோதனையிலும் தேறியது. ஆய்வாளர்கள் அங்கே நிற்காமல் மூன்றாம் வழிக்குப் போனார்கள்: அந்தப் பிரிவினரை மட்டுமே சேர்த்துப் புதிய ஆய்வு. 1,654 பேர். பலன் காணாமல் போயிற்று. இந்த வழிக்குச் செலவும் காலமும் அதிகம், ஆகையால் பெரும்பாலான துணைக்குழு முடிவுகளுக்கு இந்தச் சோதனை நடப்பதே இல்லை.

உண்மையான துணைக்குழு வேறுபாடே கிடையாதா என்றால், உண்டு. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் சிலருக்குத் தோல் உரியும் கொடிய ஒவ்வாமையை உண்டாக்கும். 2004இல் தைவானில் அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைச் சோதித்தபோது 44 பேரிடமும் ஒரே மரபணு வகை இருந்தது. மருந்து ஒத்துக்கொண்ட 101 பேரில் அது 3 பேரிடம்தான் இருந்தது. வேறு நாடுகளிலும் இதே தொடர்பு தெரிந்தது. ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மருந்தைப் புதிதாகத் தொடங்கும் முன் மரபணுச் சோதனை செய்வதைச் சிங்கப்பூர் 2013இல் வழக்கமாக்கியது.

உறவினரிடம் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றேன். அட்டவணையில் இந்தியர் எத்தனை பேர் என்று தேடிப் பார்த்தோம்: 61.