தினசரி லாகின் பரிசு: நாள் எந்தக் கடிகாரத்தில் மாறவேண்டும்?

எங்கள் தமிழ்ச் சொல் விளையாட்டுக்கு ஏழு நாள் லாகின் பரிசு வைத்தோம். தொடர்ந்து வந்தால் ஏழாம் நாள் பெரிய பெட்டி. ஒரு நாள் விட்டால் திரும்பவும் முதல் நாள். ஆடுபவர்கள் சென்னை, மதுரை, சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ என்று பரவிக் கிடக்கிறார்கள். ஆகவே 'இன்று' முடிந்து 'நாளை' தொடங்குவதை எந்தக் கடிகாரம் சொல்வது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஐந்து வழிகளைப் பார்த்தோம். கடைசியில், ஒவ்வொரு கணக்குக்கும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்திலிருந்து மாறாத ஒரு நேர வித்தியாசத்தை எழுதிவைத்து, அதன்படி அதிகாலை 4 மணிக்கு நாளை மாற்றுவது என்று முடிவெடுத்தோம். எனக்கு அதுவே சரியான வழி என்று படுகிறது.

இரண்டு வழிகளை உடனே ஒதுக்கிவிடலாம். போனின் கடிகாரத்தை நம்பினால், செட்டிங்ஸில் தேதியை முன்னே தள்ளி ஏழு பெட்டிகளையும் ஒரே மூச்சில் எடுத்துவிடலாம். 'கடைசியாக வாங்கி 24 மணி நேரம் ஆனதா' என்று பார்த்தால் ஏமாற்ற முடியாது, ஆனால் வாங்கும் நேரம் நாளுக்கு நாள் பின்னால் தள்ளிப்போகும். இன்று 8 மணிக்கு வாங்கியவர் நாளை 7:50க்கு வந்தால் கிடையாது. 8:20க்கு வாங்கினால் மறுநாள் 8:20 வரை காத்திருக்க வேண்டும். மெல்ல மெல்ல அது தூக்க நேரத்தில் போய் முட்டும்.

அடுத்தது பலரும் எடுக்கும் வழி: சர்வரில் யூடிசி நள்ளிரவில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நாள் மாறும். எழுதுவது எளிது. சென்னையில் உட்கார்ந்து சோதித்தால் பிழை கண்ணிலேயே படாது, ஏனென்றால் யூடிசி நள்ளிரவு நமக்கு விடிகாலை 5:30. அந்த நேரத்தில் ஆடுபவர்கள் மிகக் குறைவு. டொராண்டோவில் அதே நொடி, குளிர்காலத்தில் மாலை 7 மணி. வேலை முடித்து வந்து போனை எடுக்கும் நேரம் அது.

அங்கே ஒருவர் திங்கள் மாலை 6:30க்குப் பரிசு வாங்குகிறார். யூடிசிப்படி அது திங்கள் 23:30. செவ்வாய் இரவு 9 மணிக்கு மறுபடி வருகிறார். யூடிசிப்படி அது புதன் 02:00. தன் ஊர்க் காலண்டரில் அவர் ஒரு நாளும் தவறவில்லை. சர்வரோ செவ்வாய்க்கிழமையைக் காணோம் என்று அவரை முதல் நாளுக்குத் தள்ளுகிறது. இன்னொருவர் திங்கள் 6:30க்கும் 7:30க்கும் திறந்து, ஒரே மாலையில் இரண்டு நாள் பரிசை வாங்கிவிடுகிறார். சர்வர் தன் கணக்கைச் சரியாகவே போடுகிறது. ஆடுபவரின் நாளைத்தான் அது தப்பாக எண்ணுகிறது.

இதற்குத் தீர்வாகச் சொல்லப்படும் நான்காவது வழி, ஒவ்வொருவருக்கும் `America/Toronto`, `Asia/Kolkata` என்று ஊர் மண்டலத்தைச் சேமித்து, அந்த ஊர் நள்ளிரவில் நாளை மாற்றுவது. கொள்கையளவில் இதைவிட நியாயமான வழி இல்லை. என்னைத் தடுத்தது பராமரிப்பு. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் கோடைநேரம் டொராண்டோவில் 2025 நவம்பர் 2 அன்று முடிந்தது. அந்த நாளுக்கு 25 மணி நேரம். அன்றைய நள்ளிரவோடு 86400 விநாடியை, அதாவது 24 மணி நேரத்தை, கூட்டி 'நாளை' என்று எடுத்தால், கிடைப்பது அதே நவம்பர் 2, இரவு 11 மணி. 'நாளைய பரிசு' என்று திரையில் காட்டும் தேதி இன்றைய தேதியாகவே நிற்கும். காலண்டர் தேதிகளை வைத்துக் கணக்கிட்டால் இதைத் தவிர்க்கலாம், ஆனால் குழுவில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்திலும் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அதோடு, மண்டல விதிகளை அரசுகள் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. மெக்சிகோ 2022இல் பெரும்பாலான பகுதிகளில் கோடைநேரத்தைக் கைவிட்டது. லெபனான் 2023 மார்ச்சில் அதைத் தள்ளிவைப்பதாகக் கடைசி நேரத்தில் அறிவித்து, சில நாட்களிலேயே மனம் மாறியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் சர்வரின் மண்டலத் தரவைப் புதுப்பித்தாக வேண்டும். போனில் ஒரு பதிப்பும் சர்வரில் இன்னொரு பதிப்பும் இருந்தால், திரையில் ஓடும் கவுண்ட்டவுன் ஒன்று சொல்லும், சர்வர் வேறொன்று செய்யும். வங்கிக்கோ விமான டிக்கெட்டுக்கோ இந்த உழைப்பு தேவைதான். நாணயப் பெட்டி கொடுக்க இவ்வளவு வேண்டியதில்லை.

நாங்கள் எடுத்த வழிக்கு முன்மாதிரி உண்டு. கென்ஷின் இம்பேக்ட் என்ற ஆன்லைன் விளையாட்டு ஆசியா, ஐரோப்பா, அமெரிக்கா சர்வர்களுக்கு நிலையான ஒரு நேரத்தை வைத்து, அந்த நேரப்படி அதிகாலை 4 மணிக்கு நாளை மாற்றுகிறது. நாங்கள் அதையே கணக்கு வாரியாகச் செய்தோம். சென்னைக்கு 330 நிமிடம், லண்டனுக்கு 0, டொராண்டோவுக்கு −300. பிறகு எல்லாம் முழு எண் கணக்கு:

```
day  = floor((utc_sec + offset_min*60 - 4*3600) / 86400)
diff = day - last_day
diff <= 0 : already claimed
diff == 1 : streak += 1
diff >= 2 : streak = 1
```

கோடைநேரத்தை இந்தக் கணக்கு கண்டுகொள்வதே இல்லை. அதனால் டொராண்டோவில் குளிர்காலத்தில் 4 மணிக்கு மாறும் நாள், கோடையில் 5 மணிக்கு மாறும். இரண்டுமே தூங்கும் நேரம். இதே நிலையான கணக்கை நள்ளிரவுக்கு வைத்திருந்தால், கோடையில் இரவு 12:30க்குத் திறப்பவருக்கு நேற்றைய நாளே நிற்கும், புகார் வரும். 4 மணி என்ற தேர்வுதான் அந்த ஒரு மணி நேர வித்தியாசத்தை விழுங்குகிறது. நள்ளிரவு தாண்டி ஆடிவிட்டுப் படுப்பவருக்கும் தூங்கி எழுந்த பிறகுதானே மறுநாள்? பஞ்சாங்கத்திலும் கிழமை சூரிய உதயத்தில்தான் தொடங்குகிறது.

வித்தியாசத்தை நிமிடத்தில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் `getTimezoneOffset()` இந்தியாவுக்கு −330 தரும். அதை 60ஆல் வகுத்து `Math.floor` போட்டால் −6; குறியை மாற்றினால் 6 மணி. நள்ளிரவில் நாள் மாற்றும் விளையாட்டில் இந்தப் பிழை இருந்தால், நம் ஊரில் இரவு 11:30க்கே நாள் மாறிவிடும். அரை மணி நேர வித்தியாசம் இல்லாத ஊரில் எழுதியவர் இதைப் பார்த்திருக்கவே மாட்டார்.

இந்த வழியிலும் இடறும் இடம், ஊர் மாறுபவர்கள். சென்னைக்காரர் அதிகாலை 5 மணிக்கு வாங்கிவிட்டு உடனே கணக்கை டொராண்டோவுக்கு மாற்றினால், அங்கே இன்னும் முந்தைய நாள் மாலை 6:30. `diff` −1 ஆகும். 'ஒன்று இல்லையென்றால் தொடர் அறுந்தது' என்று எழுதியிருந்தால் அவர் முதல் நாளுக்குப் போய்விடுவார். `<= 0` என்ற வரி அதற்காகத்தான். எதிர்த்திசையில், டொராண்டோவில் இரவு 9க்கு வாங்கிவிட்டு 22 மணி நேரம் கழித்துச் சென்னையில் இறங்கித் திறந்தால் `diff` 2 வரும். ஆகவே ஊர் மாற்றிய முதல் முறை மட்டும் 2ஐ 1ஆக எடுத்துக்கொள்கிறோம். ஊரை அவரே செட்டிங்ஸில் மாற்றவேண்டும், அதுவும் மாதம் ஒரு முறைதான். போன் சொல்வதைக் கேட்டுத் தானாக மாற்றினால் பழைய ஏமாற்று வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு 4 மணி விழித்திருக்கும் நேரம் என்பதை மறுக்கவில்லை. அவர்களுக்காகப் பெட்டியின் கீழே 'அடுத்த பரிசுக்கு 2 மணி 10 நிமிடம்' என்று சர்வர் கணக்கில் காட்டுகிறோம். ஆஸ்திரேலியாவில் எங்களுக்கு ஆட்கள் குறைவு. கணக்குப்படி அங்கும் 4, 5 மணிதான் வரும், ஆனால் அனுபவத்தில் பார்த்துச் சொல்லும் அளவுக்கு இல்லை.

உங்கள் விளையாட்டில் யூடிசிப் பிழை இருக்கிறதா என்று அறிய, பரிசு வாங்கிய பதிவுகளில் இரண்டு வகையைத் தேடுங்கள்: ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து இரண்டு பரிசு வாங்கிய கணக்குகள், 30 மணி நேரத்துக்குள் திரும்பி வந்தும் தொடர் அறுந்த கணக்குகள். முதல் வகை ஒரே நேரத்தைச் சுற்றிக் குவிந்திருந்து, இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்தே வந்தால், நாள் அவர்களுடைய மாலையில் மாறிக்கொண்டிருக்கிறது.