முன்பின் தெரியாத கம்பெனிக்கு முதல் மின்னஞ்சல்: நான்கு தொடக்கங்கள்

சிலாங்கூரில் உள்ள பத்தாங் பெர்சுந்தைக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் வைத்து வருடங்கள் ஆகிவிட்டன. ஒட்டுக்கடையில் இன்னும் பழைய பெயர்தான் ஓடுகிறது. இங்கே என் அண்ணன் மகள் சின்னதாக ஒரு பட்டறை நடத்துகிறாள். செம்பனை எண்ணெய் ஆலைகளில் குலைகளைக் கூண்டில் ஏற்றி, தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டுபோய் நீராவியில் வேகவைப்பார்கள். அந்தக் கூண்டுகளின் சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே புஷ் என்று ஒரு வளையம் இருக்கும். தேய்ந்த புஷ்களை மாற்றித் தருவதுதான் அவள் வேலை. இதுவரை தெரிந்தவர்கள் கொடுத்த வேலையே போதுமாக இருந்தது. போன மாதம்தான் முதன்முறையாக, முகம் தெரியாத ஓர் ஆலைப் பொறியாளருக்கு எழுத உட்கார்ந்தாள்.

நான் ஆலை அலுவலகத்தில் கிராணியாக இருந்தவன். காலையில் வரும் மின்னஞ்சல்களில் எது பொறியாளர் மேசைக்குப் போக வேண்டும், எது போக வேண்டாம் என்று பிரிப்பதும் என் வேலைதான். "சித்தப்பா, இதுல எது நல்லாருக்குன்னு சொல்லுங்க" என்று நான்கு தொடக்கங்களைக் கொண்டுவந்தாள். அவள் எழுதியது ஆங்கிலத்தில். இங்கே தமிழில் தருகிறேன்.

முதலாவது இப்படி: "தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். எங்கள் நிறுவனம் தரமான பொறியியல் சேவைகளை நியாயமான விலையில் வழங்கி வருகிறது. தங்களுடன் இணைந்து பணியாற்ற ஆவலாக உள்ளோம்."

மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் கைப்பேசியில் அனுப்பியவர் பெயர், தலைப்பு, அதற்குக் கீழே மின்னஞ்சலின் முதல் சில சொற்கள் மட்டும்தான் தெரியும். அந்த இடத்தில் 'நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. கொசுமருந்து அடிக்கிறவரும் பேப்பர் விற்கிறவரும் இதே மூன்று வாக்கியத்தை அப்படியே அனுப்பலாம். அரசாங்கக் கடிதம் எழுதிப் பழகியவர்களுக்கு 'மேற்கண்ட விஷயம் தொடர்பாக' என்று தொடங்காவிட்டால் கை ஓடாது. தாளில் எழுதும்போது மேலே விஷயம் கண்ணுக்கு எதிரே இருக்கும், அதனால் அது பொருந்தும். மின்னஞ்சலில் முதல் வரி வீணாகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது, காப்புறுதி விற்கும் தோழி ஒருத்தி சொல்லிக்கொடுத்ததாம்: "தேய்ந்த சக்கரங்களால் உங்கள் ஆலைக்கு மாதாமாதம் நஷ்டம். வியாழன் காலை 10 மணிக்கு வரவா, வெள்ளி காலை வரவா?"

உள்ளே கால் வைக்காத ஆலையின் நஷ்டம் இவளுக்கு எப்படித் தெரியும்? பொறியாளரின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். வியாழனா வெள்ளியா என்று கேட்டுவிட்டு 'வேண்டாம்' என்பதற்கு இடமே விடாமல் வைத்தால், பதில் போடாமல் இருப்பது ஒன்றுதான் அவருக்கு வழி. தலைப்பின் முன்னால் `Re:` சேர்த்தால் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தது போலத் தெரியும் என்றும் தோழி சொல்லியிருக்கிறாள். எங்கள் பொறியாளர் அப்படி ஒன்றைத் திறந்து, பழைய கடிதத்தைத் தேடிக் கால் மணி நேரம் வீணாக்கினார். அதன் பிறகு அந்த முகவரியிலிருந்து வந்த எதையும் நான் அவரிடம் கொண்டுபோகவே முடியவில்லை.

மூன்றாவதில் ஒரு பெயர் இருந்தது: "உங்கள் ஆலை ஃபோர்மேன் எங்களைப் பற்றிச் சொல்லியிருப்பார்." தெரிந்த பெயர் ஒன்று முதல் வரியில் இருந்தால் கடிதம் திறக்கப்படும், இதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஆளிடம் கேட்டாயா என்றேன். கேட்கவில்லை, கோயில் திருவிழாவில் பார்த்துப் பேசியதுதானாம்.

இதில் எனக்கு அனுபவம் உண்டு. ஒரு சப்ளையர் இதே மாதிரி எங்கள் ஃபோர்மேனின் பெயரைப் போட்டு, 'உங்கள் பழைய சப்ளையரின் சாமான் சரியில்லை என்று அவரே சொன்னார்' என்று எழுதிவிட்டார். பொறியாளர் ஃபோர்மேனைக் கூப்பிட்டு, "வெளியே என்ன பேசிட்டு வர்றீங்க?" என்று கேட்டார். ஃபோர்மேனுக்கு அந்த மின்னஞ்சல் வந்ததே தெரியாது. அந்த சப்ளையரை அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை. பெயரைப் போடலாம், ஆனால் 'உங்க பெயரைச் சொல்லி எழுதலாமா' என்று கேட்டு, சரி என்ற பிறகு. அப்போதும் 'அவர்தான் உங்களுக்கு எழுதச் சொன்னார்' என்பதோடு நிறுத்த வேண்டும். அவர் கருத்தையெல்லாம் இழுக்கக் கூடாது.

நான்காவதுதான் அவளுக்கே பிடித்தது: "போன வாரம் உங்கள் ஆலையில் கூண்டு இரண்டு முறை தடம்புரண்டதாகக் கேள்விப்பட்டோம். கூண்டுச் சக்கரங்களைப் பழுது பார்ப்பதுதான் எங்கள் தொழில்."

பொதுவாக மழுப்பாமல், மிரட்டாமல், ஒரு குறிப்பிட்ட விஷயத்தில் தொடங்குகிறது. புத்தகத்தில் இதைத்தான் எழுதச் சொல்வார்கள். ஆனால் இந்தச் செய்தி குலை ஏற்றும் லோரிக்காரர் ஒருவர் தே தாரிக் குடித்துக்கொண்டே சொன்னது. தோட்டப்புற ஊரில் நமக்கு அளவுக்கு மீறித் தெரியும், அதுதான் சிக்கலே. கூண்டு தடம்புரண்டால் அன்றைக்கு ஓட்டம் நிற்கும், குலை தேங்கும், பொறியாளர் மேலே பதில் சொல்ல வேண்டும். அதை வெளியாள் முதல் வரியில் எழுதினால், உதவ வந்தவள் போல அவருக்குத் தோன்றாது. யார் உளறியது என்று தேடத்தான் தோன்றும்.

அதனால் ஒட்டுக்கடையில் கேட்டதை எடுத்துவிட்டு, அவள் தன் பட்டறை மேசையில் கண்டதை வைக்கச் சொன்னேன். திருத்திய பிறகு இப்படி வந்தது:

"பெஸ்தாரி ஜெயாவில் கூண்டுச் சக்கரங்களுக்குப் புஷ் மாற்றித் தரும் பட்டறை எங்களுடையது. நீராவிச் சூட்டில் கிரீஸ் உருகி ஓடி, புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்த சக்கரங்கள்தான் எங்களிடம் அதிகம் வருகின்றன. இரண்டு சக்கரம் கொடுத்தால், பழுது பார்த்து, முன்பும் பின்பும் எடுத்த அளவுகளை எழுதித் தருகிறோம். உங்கள் ஆலையில் இதைப் பார்ப்பவர் நீங்களா, வேறு யாராவதா?"

கூண்டுகள் ஏறக்குறைய 140 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகின்றன. சாதாரண கிரீஸ் அதில் நிற்காது. அந்த ஒரு வாக்கியத்தைப் படித்ததும் எழுதியவள் கையில் எண்ணெய் பட்டவள் என்று பொறியாளருக்குத் தெரிந்துவிடும். 'தரமான சேவை' என்று பத்து முறை எழுதினாலும் அது தெரியாது. கடைசிக் கேள்விக்கு நின்றபடியே ஒரு சொல்லில் பதில் போடலாம். தான் இல்லையென்றால் வேறு ஒருவருக்குத் தள்ளியும் விடலாம். அந்தக் கேள்வியை மட்டும் தனியாக அனுப்பினால் முதலாவது கடிதத்தைப் போலவே வெறுமையாகிவிடும். முன்னால் சக்கரமும் கிரீஸும் இருப்பதால்தான் நிற்கிறது.

தலைப்பில் 'கூண்டுச் சக்கரப் புஷ், பெஸ்தாரி ஜெயா' என்று மட்டும் வைத்தோம்.

விளிப்பில் ஒரு தவறு இருந்தது. பொறியாளர் மலாய்க்காரர். அவள் `bin`-க்குப் பிறகு வரும் பெயரைப் போட்டு 'மிஸ்டர்' என்று கூப்பிட்டிருந்தாள், அது அவருடைய அப்பா பெயர். நம் ஆட்களுக்கும் இது நடக்கிறது. `a/l`-க்குப் பின்னால் உள்ள பெயரைச் சொல்லி, இறந்துபோன தகப்பனாருக்குக் கடிதம் வரும். சீனர்களுக்கு மட்டும் குடும்பப் பெயர் முன்னாலேயே நிற்கும், அதைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அனுப்பினாள், வியாழன் பதில் வந்தது. அந்த ஆலையில் கூண்டே இல்லையாம். செங்குத்து ஸ்டெரிலைசருக்கு மாறிவிட்டார்கள், அதில் குலைகளை நேராக மேலிருந்து கொட்டுவார்கள், சக்கரத்துக்கு வேலையில்லை. லோரிக்காரர் சொன்னது அதே கம்பெனியின் இன்னொரு ஆலையைப் பற்றியதாக இருக்க வேண்டும். "இங்கே தேவையில்லை. எங்கள் மற்ற ஆலையில் கூண்டு உண்டு. அங்கே உள்ள உதவிப் பொறியாளருக்கு உங்கள் கடிதத்தை அனுப்பியிருக்கிறேன்" என்று இரண்டு வரி எழுதியிருந்தார். அவள் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நல்லவேளை சித்தப்பா, தடம்புரண்டதை எழுதல" என்றாள்.