திருகோணமலை வாசகர் வட்ட நாட்காட்டி: மூன்றாவது வருஷத்தில் எழுதுகிறேன்

எங்கள் வட்டத்தின் வருஷ நாட்காட்டி ஒரே ஏ4 தாள்தான். திகதி, புத்தகம், யார் வீடு, இவ்வளவுதான். 2024இல் தொடங்கினோம், இப்போது மூன்றாவது வருஷம் ஓடுகிறது. சந்திப்பு பௌர்ணமியான போயா நாளில். எல்லோருக்கும் விடுமுறை, திகதிகளும் முன்கூட்டியே தெரியும்.

வீடு தருகிறவர்கள் ஆறு பேர். வரிசையாக முறை வைத்தால் நியாயம்தான் என்று முதலில் எல்லோருக்கும் தோன்றியது. ஆனால் வருஷத்துக்கு வழக்கமாகப் பன்னிரண்டு போயா, ஆறு பேர் என்றால் ஒவ்வொருவருக்கும் எப்போதும் அதே இரண்டு மாதங்கள்தான் வரும். கிண்ணியாவில் இருக்கும் டீச்சருக்கு மே, நவம்பர். நவம்பரில் இங்கே வாடைக்காற்று மழை. பாலம் தாண்டிப் போக ஆட்கள் தயங்குவார்கள், வைத்த சாப்பாடு மிஞ்சும். 2025க்கான தாளை வரைந்தபோது அவர், "திரும்பவும் எனக்கு மழைதானே வருது" என்றார். எண்ணிக்கை சமமாக இருந்தும் சுமை சமமாக இல்லை.

அதனால் வரிசையை இரண்டாக்கினோம். நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்றும் மழை வரிசை. மற்ற மாதங்கள் வெயில் வரிசை. இரண்டும் தனித்தனியே நகரும், ஒரு வருஷம் நின்ற இடத்திலிருந்து அடுத்த வருஷம் தொடரும். இரண்டு வருஷத்தில் மழைச் சந்திப்புகள் ஆறு, ஆளுக்கு ஒன்று. வெயில் சந்திப்புகள் பதினெட்டு, ஆளுக்கு மூன்று. 2026 மே மாதத்தில் 1ஆம் திகதியும் 30ஆம் திகதியும் போயா, ஆகவே வெயிலில் ஒன்று கூடியது. அதை வரிசையில் அடுத்தவர் எடுத்தார், யாரும் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை.

வீடு தர முடியாதவர் தன் முறையை விட்டுவிடக் கூடாது, அதே வரிசைக்குள் இன்னொருவருடன் மாற்ற வேண்டும். மழை முறையை வெயில் முறைக்கு மாற்ற விட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். புதிதாக வீடு தர வருபவர் இரண்டு வரிசையிலும் கடைசியில் நிற்பார்.

போயாவில் ஒரு சிக்கல் உண்டு. தைப்பூசம், பங்குனி உத்தரம், சித்திரா பௌர்ணமி எல்லாம் பௌர்ணமியை ஒட்டியே வரும், பாதிப்பேர் கோயிலில் நிற்பார்கள். 2026இல் தைப்பூசமும் பெப்ரவரி 1ஆம் திகதிப் போயாவும் ஒரே நாள் என்பதால் 8ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினோம். மார்ச் 2 நோன்பு காலம், அதைக் காலையில் வைத்தோம், தேநீர் இல்லாமல். இந்த மாற்றங்களை வருஷத் தொடக்கத்திலேயே தாளில் எழுதிவிட வேண்டும். கடைசி வாரத்தில் பேசினால் சண்டைதான்.

புத்தகத்தை வீட்டுக்காரர் தெரிவு செய்வதில்லை. அவருக்குச் சமையல் வேலையே போதும், அவருக்கு அடுத்த முறைக்காரர் தெரிவு செய்வார். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து பிரதிகள் வர வேண்டும் என்பதால் இரண்டு போயாவுக்கு முன்பே பெயர் சொல்லிவிட வேண்டும். தடித்த நாவலுக்கு இரண்டு சந்திப்பு.

இப்போது ஏழாவதாக ஒருவர் உவர்மலையில் வீடு தருகிறேன் என்கிறார். சேர்த்தால் மழை வரிசை ஒரு சுற்று முடிய இரண்டு வருஷத்துக்கும் மேலாகும். டீச்சருக்கு அதில் பரம சந்தோஷம்.