இசப்கோலா, பயறும் கீரையுமா? ஜிம் செல்பவரின் மலச்சிக்கலுக்கு எது கைகொடுக்கும்

புரதப்பொடி குடிக்கத் தொடங்கிய சில வாரங்களில் வயிறு இறுகிப்போனதாகச் சொல்பவர்களுக்கு நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பெரும்பாலும் மூன்று யோசனைகளே கிடைக்கின்றன. இசப்கோல் கலக்கிக் குடி, பயறும் கீரையும் பழமும் சேர், நிறையத் தண்ணீர் குடி. மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. எதை முதலில் எடுக்க வேண்டும் என்று தெரியாமல் மாற்றி மாற்றிச் செய்து பார்ப்பதால்தான் பலருக்கு வயிறு இன்னும் கெடுகிறது.

முதலில் பொடியின் மீதுள்ள பழியைத் தீர்த்துவிடுவோம். வே புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பெரும்பாலும் அதில் மிஞ்சியிருக்கும் பால் சர்க்கரையே காரணம். அது வாயுவையும் வயிற்றுப்போக்கையும் கொடுக்குமே தவிர, மலத்தை இறுக்குவது அரிது. இறுக்குவது தட்டிலிருந்து காணாமல் போனவை. பொடி, முட்டை, கோழி, மீன் ஆகியவற்றில் நார்ச்சத்து இல்லை என்றே சொல்லலாம். அவற்றுக்கு இடம் கொடுக்க ஒருவர் விலக்கி வைப்பதோ புட்டும் பயறும், மரச்சீனிக்கிழங்கு, அவியல், தோரன், பழம். நார்ச்சத்து வந்த வழிகள் எல்லாம் ஒரே வாரத்தில் அடைபட்டுவிடுகின்றன.

தக்கலைப் பக்கத்து இளைஞர் ஒருவரின் சாப்பாட்டை உட்கார்ந்து கணக்கிட்டோம். எடை 70 கிலோ. காலையில் ஒரு ஸ்கூப் பொடி, இரண்டு முழு முட்டை, ஆறு வெள்ளைக்கரு. மதியம் கால் கிலோ கோழியும் அரைக் கிண்ணம் வெள்ளைச் சோறும். மாலையில் இன்னொரு ஸ்கூப். இரவில் பொரித்த மீனும் வெள்ளரித் துண்டுகளும். புரதம் ஏறத்தாழ 165 கிராம், நார்ச்சத்து 5 கிராம்கூடத் தேறாது. நாளொன்றுக்குச் சுமார் 30 கிராம் நார்ச்சத்து தேவைப்படும் உடம்பு அது. தசை வளர்ச்சிக்கு ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் புரதம் போதும் என்பதே ஆய்வுகள் பெரும்பாலும் காட்டுவது. அவருக்கு அது 112 கிராம். ஆகவே 50 கிராமுக்கும் அதிகமான புரதம் பலனில்லாமல் போகிறது, அதே நேரத்தில் நாருக்கு இடமும் இல்லை.

இப்போது இசப்கோலை எடுத்துக்கொள்வோம். ஒரு தேக்கரண்டி உமியில் 4 கிராம் வரை நார் கிடைக்கும், கலோரி மிகக் குறைவு. இதன் தனிச்சிறப்பு, தண்ணீரைப் பிடித்துக் கூழாகி, குடலில் அதிகம் புளிக்காமல் அப்படியே கடைசிவரை செல்வது. அதனால் மலம் மிருதுவாகும், வாயு குறைவாக இருக்கும். பலன் தெரிய 12 மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை ஆகலாம். ஒரே இரவில் நடக்கவில்லையென்று அளவைக் கூட்டுவது தவறு.

இதில் கோட்டைவிடும் இடம் தண்ணீர். ஒரு தேக்கரண்டி உமியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி ஐந்து நிமிடம் மேசையில் வைத்துப் பாருங்கள். டம்ளரைச் சாய்த்தால் ஊற்றாமல் பாகாய் வழியும். அதே வேலை வயிற்றுக்குள் நடப்பதால் கலந்தவுடன் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் தண்ணீரும் குடிக்க வேண்டும். புரத ஷேக்கில் கலந்து கெட்டியாய் விழுங்கிவிட்டு அப்படியே விட்டுவிட்டால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும்.

பயறு வேறு வகையில் கைகொடுக்கிறது. 50 கிராம் சிறுபயறில் 8 கிராம் நாரும் 12 கிராம் புரதமும் ஒன்றாக வருகின்றன. அதாவது அது பொடியோடு சேர்வதில்லை, பொடியின் இடத்தில் உட்கார்கிறது. மேலே சொன்ன இளைஞருக்கு மாலை ஸ்கூப்பையும் நான்கு வெள்ளைக்கருவையும் எடுத்துவிட்டு, காலையில் சின்னக் குழல் புட்டோடு பயறு வைத்தோம். மதியம் ஒரு கிண்ணம் அவியல், மாலையில் ஒரு பெரிய கொய்யா, இரவு மீனோடு முருங்கைக்கீரைத் தோரன். புரதம் 140 கிராமுக்குக் குறையவில்லை, நார் 30 கிராமை நெருங்கிவிட்டது. கோழியும் மீனும் தட்டிலேயே இருந்தன. இந்த மாவட்டத்துச் சாப்பாட்டில் ஏற்கெனவே இருப்பதை மீண்டும் தட்டில் வைப்பதற்கு விலை உயர்ந்த நார்ப்பொடி எதுவும் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து.

பழத்தைப் பற்றி ஒரு சொல். மலச்சிக்கல் என்றதும் வாழைப்பழம் என்பதே நம் பக்கத்து வழக்கம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழம் சிறியது, ஒன்றில் ஒரு கிராம் அளவுக்குத்தான் நார் இருக்கும். ருசிக்காகத் தாராளமாகச் சாப்பிடலாம், மருந்தாக நம்பிவிடக் கூடாது. செங்காயான ஏத்தன் சிலருக்கு மலத்தை இன்னும் இறுக்கும், நன்றாகப் பழுத்ததையே எடுக்க வேண்டும்.

பயறின் குறை, வாயு. 5 கிராம் நாரில் இருந்தவர் மறுநாளே 30 கிராமுக்குத் தாவினால் வயிறு உப்பி, இதெல்லாம் ஒத்துக்கொள்ளவில்லை என்று கைவிட்டுவிடுவார். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை 5 கிராம் வீதம் கூட்ட வேண்டும். இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வாயு குறையும். போட்டிக்காகக் கலோரியைக் கடுமையாகக் குறைப்பவருக்குப் பயறு அதிகப்படியாகத் தோன்றலாம். அவருக்கு இசப்கோலும் கீரையும் பொருத்தம்.

வெறும் தண்ணீர் என்ற மூன்றாவது யோசனை, உண்மையிலேயே தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு மட்டும் பலன் தரும். தட்டில் நார் இல்லாவிட்டால், கூடுதலாகக் குடிப்பது சிறுநீராகத்தான் போகும். 1998இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில் மலச்சிக்கல் உள்ளவர்கள் அனைவரும் 25 கிராம் நார் எடுத்தார்கள். அதில் நாளைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்தவர்களுக்கே மற்றவர்களைவிடப் பலன் அதிகம். நாரும் நீரும் கூட்டாகத்தான் வேலை செய்கின்றன. நம் கடலோரப் புழுக்கத்தில் மின்விசிறி மட்டும் சுழலும் ஜிம்மில் வியர்வை ஏராளமாக வெளியேறும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். அரைக் கிலோ குறைந்திருந்தால் அரை லிட்டர் கூடுதலாகக் குடிக்க வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். சிறுநீரகம் அல்லது இதய நோய் உள்ளவர்கள் தண்ணீரையும் புரதத்தையும் மருத்துவர் சொல்லும் அளவிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றையும் வரிசைப்படுத்தச் சொன்னால், நான் பயறும் கீரையும் பழமும் கொண்ட சாப்பாட்டை முதலில் வைப்பேன். அது பழகும்வரை முதல் இரண்டு வாரங்களுக்கு இரவில் ஒரு தேக்கரண்டி இசப்கோல் துணையாக வரட்டும். வெளியூர் வேலையில் ஓட்டல் சாப்பாட்டை நம்பியிருப்பவருக்கு இசப்கோலே முதலிடம் பெறும். பேதி மாத்திரையை நான் இந்த வரிசையிலேயே சேர்க்கவில்லை. அவசரத்துக்கு ஒரு நாள் சரி. அடிக்கடி எடுத்து வயிறு போய்க்கொண்டே இருந்தால் பொட்டாசியம் குறையும், பயிற்சி செய்யும் உடம்புக்கு அது நல்லதல்ல.

ஆட்டுப்புழுக்கை போல உருண்டையாக வந்த மலம், விரிசல் விழுந்த கட்டியாகி, பிறகு வழவழப்பாக மாறினால் பாதை சரி. இரும்புச்சத்து மாத்திரையோ சுண்ணாம்புச்சத்து மாத்திரையோ எடுப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், இரண்டுமே மலத்தை இறுக்கும். நாரும் நீரும் ஒழுங்காகச் சேர்த்து இரண்டு மூன்று வாரமாகியும் மாற்றமில்லையென்றால், அல்லது நார் கூடக்கூட உப்புசமும் வலியும்தான் கூடுகிறது என்றால், குடலின் அசைவே மந்தமாக இருக்கலாம். அப்போது இன்னும் நார் சேர்ப்பது உதவாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, வாந்தியோடு வயிறு வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மூன்று வாரம் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.