ஃபில்டர் காபிப் பொடி: கடையில் எந்த அரைவை கேட்கலாம்?

எங்கள் வீட்டில் பல வருஷமாக எவர்சில்வர் ஃபில்டர்தான். பொடி தெருமுனைக் கடையில் வாங்குவது. பீபெரி, பிளான்டேஷன் ஏ என்ற இரண்டு வகைக் கொட்டையும் பாதிப் பாதி. கடையில் முதலில் கேட்பது "சிக்கரி எவ்வளவு?" என்பதைத்தான். அரைவையைப் பற்றிப் பெரும்பாலும் கேட்கமாட்டார்கள். நாமாகத்தான் சொல்ல வேண்டும், அதையும் சிக்கரி அளவை வைத்தே சொல்ல வேண்டும்.

காரணம், சிக்கரி தண்ணீரை இழுத்து ஊறிக்கொள்ளும். டிகாஷன் இறங்குவது தாமதப்படும். சிக்கரி இல்லாத பொடியில் அந்தத் தடை கிடையாது, தண்ணீர் சரசரவென்று இறங்கிவிடும். அதனால் சுத்தக் காபி என்றால் "நைஸா அரைங்க" என்பேன். 80:20 என்றால் அதைவிட ஒரு சுற்று கொரகொரப்பு. 70:30-க்கு இன்னும் கொஞ்சம். எதுவானாலும் விரலிடுக்கில் தேய்த்தால் பொடி உப்பு மாதிரி லேசாக நெருட வேண்டும். மாவாக விரலில் அப்பினால் எங்கள் ஃபில்டருக்கு ஆகாது.

சரியான அரைவையா என்பதை டிகாஷன் இறங்கும் நேரமே சொல்லிவிடும். குவியலாக மூன்று ஸ்பூன் பொடி போட்டு, ஃபில்டருக்குள் வைக்கும் குடையால் லேசாக அழுத்தி, கொதித்து அடங்கிய தண்ணீர் 150 மில்லி ஊற்றுகிறேன். எங்கள் வீட்டு 80:20 பொடிக்கு இறங்கி முடிய கால் மணியிலிருந்து இருபது நிமிஷம். ஐந்து நிமிஷத்தில் காலியானால் அரைவை பெரிது. பால் விட்டதும் நிறம் வெளுத்து, காபி சப்பென்று இருக்கும். அரை மணி கழித்தும் மேலே தண்ணீர் தேங்கி நின்றால் ரொம்ப நைஸ். அப்போது ஃபில்டரைத் தட்டுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் தட்டினால் தூளும் சேர்ந்து இறங்கும், டம்ளர் அடியில் கசண்டு நிற்கும்.

வாங்கிய பொடி தீரும்வரை குடையை வைத்துச் சமாளிக்கலாம். சீக்கிரம் இறங்கினால் கூடுதலாக அழுத்த வேண்டும், தேங்கினால் அழுத்தாமல் சும்மா வைத்தால் போதும். கொஞ்சம்தான் சரியாகும். அடுத்த முறை கடையில் "போன தடவையைவிட ஒரு பாயின்ட் கொரகொரப்பா வேணும்ணே" என்று சொல்லிவிடுவேன். முந்தைய அரைவையோடு ஒப்பிட்டுச் சொன்னால் அவருக்கு உடனே பிடிபடுகிறது; வெறுமனே "மீடியம்" என்றால் ஆளுக்கு ஒரு அர்த்தம்.

ஃபில்டரை மாற்றினால் இதெல்லாம் மறுபடி முதலிலிருந்து. துளை பெரிதாக உள்ள ஃபில்டரில் நைஸ் பொடி நேராகக் கீழே வந்துவிடும். அதனால் புது ஃபில்டர் வாங்கினால் அந்த வாரம் 100 கிராம் மட்டும் அரைத்து வாங்குங்கள்.