13 சதவீதத்தை 11 சதவீதம் வெல்லும் இடம்

வெள்ளவத்தையில் இருக்கும் என் சித்தப்பா ஓய்வுபெற்றபோது கையில் வந்த பணத்தில் 10 இலட்சம் ரூபாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒதுக்கிவைக்க முடிவுசெய்து, காலி வீதியில் ஏறி இறங்கிய இரண்டு நிதி நிறுவனங்களின் துண்டுப்பிரசுரங்களை மேசையில் விரித்துவைத்திருந்தார். ஒன்றில் ஆண்டுக்கு 13 சதவீதம் என்றும், வட்டி முழுவதும் முதிர்வின்போது வழங்கப்படும் என்றும் எழுதியிருந்தது. மற்றதில் 11 சதவீதம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் வட்டி முதலோடு சேர்க்கப்படும். "இதில யோசிக்க என்ன இருக்கு, 13 தானே பெரிசு?" என்று கேட்டார். வட்டியில் பிடிக்கப்படும் வரி இரண்டுக்கும் பொது என்பதால் அதைக் கணக்கில் எடுக்காமல், இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்த்தோம்.

அந்த அளவுகோல்தான் கூட்டு ஆண்டு வளர்ச்சி வீதம். தொடக்கத் தொகை ஒவ்வோர் ஆண்டும் ஒரே வீதத்தில், முந்தைய ஆண்டின் வளர்ச்சியின் மீதும் வளர்ந்து, குறித்த ஆண்டுகளின் முடிவில் இறுதித் தொகையைச் சரியாக எட்டுவதற்கு அந்த வீதம் எவ்வளவாக இருந்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அது பதில் சொல்கிறது. இறுதித் தொகையைத் தொடக்கத் தொகையால் வகுத்து, கிடைத்த ஈவை ஒன்றின் கீழ் ஆண்டு எண்ணிக்கை என்ற அடுக்குக்கு உயர்த்தி, அதிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும்.

முதல் பிரசுரத்தில் ஆண்டுக்கு 1 இலட்சத்து 30 ஆயிரம் வீதம் ஐந்து ஆண்டுகளில் 6 இலட்சத்து 50 ஆயிரம் சேர்ந்து, 16 இலட்சத்து 50 ஆயிரம் கைக்கு வரும். 1.65ஐ 0.2 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் 1.1053, அதாவது 10.53 சதவீதம். இரண்டாவதில் 10 இலட்சத்தை 1.11ஆல் ஐந்து முறை பெருக்க, 16 இலட்சத்து 85 ஆயிரத்து 58 ரூபாய் வருகிறது. அதன் வளர்ச்சி வீதம் சொன்னபடியே 11. சிறிய எண்ணாகத் தெரிந்தது 35,058 ரூபாய் கூடுதலாகத் தருகிறது.

சித்தப்பா உடனே நம்பவில்லை. ஆண்டாண்டாக எழுதிக் காட்டச் சொன்னார். முதல் ஆண்டில் 13 சதவீதக்காரர் உண்மையிலேயே முன்னால் நிற்கிறார். ஆனால் அவருடைய வட்டி எப்போதும் அதே 1 இலட்சத்து 30 ஆயிரம்தான். ஐந்தாம் ஆண்டில் அது, ஏற்கெனவே 15 இலட்சத்து 20 ஆயிரமாகிவிட்ட தொகைக்குக் கிடைப்பது என்று பார்த்தால் எட்டரை சதவீதம்தான். மற்றவருடைய வட்டி 1 இலட்சத்து 10 ஆயிரத்தில் தொடங்கி, கடைசி ஆண்டில் ஏறத்தாழ 1 இலட்சத்து 67 ஆயிரம் ஆகிறது. நான்காம் ஆண்டு முடிவில் 15.20 இலட்சமும் 15.18 இலட்சமுமாக இருவரும் கிட்டத்தட்டத் தோளோடு தோள் நிற்கிறார்கள். ஐந்தாம் ஆண்டுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. ஆகவே மூன்று ஆண்டுக்கான வைப்பாக இருந்திருந்தால் சித்தப்பா சொன்னதே சரி. பிரசுரங்களில் வட்டி வீதத்துக்குப் பக்கத்தில் ஏ.ஈ.ஆர்., அதாவது ஆண்டுப் பயனுறு வீதம், என்ற எழுத்துகளோடு இன்னொரு சதவீதம் இருக்கும். நீண்ட கால முதிர்வு வைப்புகளில் அது பெரிய எழுத்து வீதத்தைவிடக் குறைவாக இருப்பதன் காரணம் இதுதான்; அதைப் பார்த்திருந்தால் எங்களுக்கு இந்தக் கணக்கே தேவைப்பட்டிருக்காது.

மாதா மாதம் வட்டியைக் கையில் தரும் வைப்பும் அதே பிரசுரத்தில் இருந்தது. அதில் 10 இலட்சம் வைத்து ஐந்து ஆண்டு கழித்து அதே 10 இலட்சத்தைத் திரும்ப எடுப்பதால், இந்த அளவுகோல் அதற்குப் பூச்சியம் என்று பதில் சொல்லும். பதில் அபத்தமாகத் தெரிந்தாலும் கணக்கில் பிழையில்லை. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் மட்டும் பார்க்கும் சூத்திரத்துக்கு இடையில் கையைவிட்டுப் போன பணமும் இடையில் போட்ட பணமும் தெரியாது. அப்படிப் பணம் வந்து போகும் இடங்களில் திகதிகளோடு கணக்கிடும் எக்செல் சார்பான `XIRR` வேண்டும்.

மூன்றாவது போட்டியாளரைக் கொண்டுவந்தவர் சித்தப்பாவின் மகன். கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2020 முடிவில் 6,774.22ஆக இருந்து 2024 முடிவில் 15,944.61 ஆனது, நான்கு ஆண்டில் 135 சதவீதம், அதை நான்கால் வகுத்தால் ஆண்டுக்கு 33.8 என்றான் அவன். இப்படி வகுப்பது, முதல் பிரசுரத்தின் 13 சதவீதத்தில் இருந்த அதே கோளாறு. இன்னொரு வழி, ஆண்டுதோறுமான மாற்றங்களின் சராசரி: 2021இல் 80.5 ஏற்றம், 2022இல் 30.6 இறக்கம், பிறகு 25.5, 49.7 என்று ஏற்றங்கள், சராசரி 31.3. உண்மையிலேயே ஆண்டுக்கு 31.3 வளர்ந்திருந்தால் சுட்டெண் 20,000ஐத் தாண்டியிருக்க வேண்டும், அது தாண்டவில்லை. 30 சதவீதம் இறங்கியதை ஈடுகட்ட ஏறத்தாழ 43 சதவீதம் ஏற வேண்டும் என்பதைச் சாதாரணச் சராசரி அறியாது.

கூட்டு வீதம் 23.9. நான்கு ஆண்டு என்பதால் கைத்தொலைபேசிக் கணிப்பானில் 2.3537ஐ இட்டு வர்க்கமூலப் பொத்தானை இரு முறை அழுத்தினாலே போதும். எக்செல்லில் இப்படி எழுதலாம்:

```
=(15944.61/6774.22)^(1/4)-1
=RRI(4,6774.22,15944.61)
```

இரண்டும் ஒரே விடையைத் தரும். தம்பி `1/4`ஐச் சுற்றியுள்ள அடைப்புக்குறியை விட்டுவிட்டதால் விடை கழித்தல் 41 சதவீதம் என்று வந்தது. ஏறிய ஒன்றுக்குக் கழித்தல் குறி வந்தால் முதலில் அந்த அடைப்புக்குறியைத்தான் தேட வேண்டும். அவன் செய்த இன்னொரு பிழை இப்படிச் சத்தம் போடாது: 2020 முதல் 2024 வரை விரல்விட்டு எண்ணி ஐந்து என்று இட்டான், 18.7 வந்தது. ஆண்டு முடிவுகள் ஐந்து. அவற்றுக்கு இடைப்பட்ட ஆண்டுகள் நான்குதான்.

அப்படியானால் 23.9க்கு முன்னால் 11 என்ன பெறும் என்று கேட்கத் தோன்றும். கடைசி எண்ணை மாற்றாமல் தொடக்கத்தை மட்டும் ஓர் ஆண்டு தள்ளி, 2021 முடிவின் 12,226.01இலிருந்து எண்ணினால் மூன்று ஆண்டுகளுக்கு வீதம் 9.26 ஆகிறது, இன்னும் ஓர் ஆண்டு தள்ளி, நெருக்கடியில் விழுந்திருந்த 2022 முடிவின் 8,489.66இலிருந்து எண்ணினால் 37. ஒரே சந்தை, ஒரே இறுதி நாள், மூன்று விடைகள். விற்க வருபவர் எதைக் காட்டுவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்தச் சுட்டெண் விலைகளை மட்டும் பார்ப்பதால் பங்குலாபம் இதில் இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மறுபக்கம், 2020 முடிவில் சுமார் 186 ரூபாயாக இருந்த டொலர் 2024 முடிவில் சுமார் 293 ஆனதால், வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பியவருக்கு அதே 23.9, டொலரில் பத்தரையைச் சற்றே தாண்டுகிறது.

வைப்பின் 11 முன்கூட்டியே எழுதித் தரப்படுவது, சுட்டெண்ணின் 23.9 நடந்து முடிந்தபின் திரும்பிப் பார்த்துக் கணித்தது. இரண்டையும் ஒரே நிரலில் எழுத என் கை வரவில்லை. சித்தப்பா 11 சதவீதப் பிரசுரத்தை எடுத்துக்கொண்டு, இடையில் பணத்தை எடுத்தால் எந்த வீதத்தில் வட்டி போடுவார்கள் என்பதை அதன் பின்பக்கச் சிறு எழுத்துகளில் தேடத் தொடங்கினார்.