சர்வீஸ் பணத்தில் பாதியை விட்டுவிட்டு ஊருக்கு வந்த கதை

ஷார்ஜாவில் அலுமினிய ஃபேப்ரிகேஷன் வேலை. 2015 செப்டம்பர் 1 அன்று சேர்ந்தேன், 2024 டிசம்பர் 31 அன்று முடித்தேன். இப்போது குலசேகரத்தில் அப்பாவின் ரப்பர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எமிரேட்ஸில் இருக்கிற நம்ம மாவட்டத்துப் பிள்ளைகள் கேன்சல் பேப்பரில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்.

மறுநாள் திருவனந்தபுரத்துக்கு ஃபிளைட். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆபீசில் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். கீழே மொத்தம் 9,570 திர்ஹாம். "எல்லாம் சரியா போட்டிருக்கு, கையெழுத்துப் போட்டுத் தாங்க" என்றார் கணக்கர். அவரும் தமிழர்தான். ஒன்பது வருச சர்வீஸுக்குப் பத்தாயிரம் கிட்டே வருகிறதே என்று சந்தோசமாகவே கையெழுத்துப் போட்டேன். இனி எந்தப் பாக்கியும் இல்லை என்று அதில் எழுதியிருந்ததை ஊருக்கு வந்துதான் வாசித்தேன்.

அந்த 9,570-ல் டிசம்பர் மாதச் சம்பளம் 2,400, எடுக்காத லீவுக்கு 1,500. இரண்டும் எனக்கு எப்படியும் வர வேண்டிய காசு. வேலையை விடும்போது உழைத்த வருடங்களுக்காகத் தருகிற சர்வீஸ் பணம் என்று பார்த்தால் வெறும் 5,670. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டினதில்தான் நான் ஏமாந்தேன்.

சட்டப்படி எவ்வளவு வர வேண்டும் என்று பார்ப்போம். அங்கே சர்வீஸ் பணம் கைக்கு வரும் முழுச் சம்பளத்துக்கு இல்லை, அடிப்படைச் சம்பளமான பேசிக்குக்கு மட்டும்தான். அதுவும் கடைசியாக வாங்கிய பேசிக். என் 2,400-ல் பேசிக் 1,500. முப்பதால் வகுத்தால் ஒரு நாளுக்கு 50 திர்ஹாம். முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் கூலி, ஐந்துக்கு மேல் போகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள். ஒரு வருடம் முடித்தவனுக்கு, மிச்சமிருக்கிற மாதங்களுக்கும் அதே விகிதத்தில் உண்டு.

நாள்காட்டிப்படி என் சர்வீஸ் ஒன்பது வருடம் நாலு மாதம். அம்மாவுக்கு ஆபரேஷன் என்று ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் 60 நாள் சம்பளம் இல்லாத லீவில் நின்றேன். அந்த நாட்கள் சேராது, அதைக் கழிப்பது நியாயம்தான். ஆக ஒன்பது வருடம் இரண்டு மாதம். முதல் ஐந்து வருடத்துக்கு 105 நாள், 5,250 திர்ஹாம். மீதி நாலு வருடம் இரண்டு மாதத்துக்கு 125 நாள், 6,250. மொத்தம் 11,500.

அவர்கள் போட்ட கணக்கு வேறு. நான் சேர்ந்தபோது இருந்த 900 பேசிக்கை எடுத்து, நாளுக்கு 30 திர்ஹாம் என்று வைத்தார்கள். ஒன்பது வருடத்துக்கும் 21 நாள்தான். இரண்டு மாதத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. 189 நாள் பெருக்கல் 30, அதுதான் அந்த 5,670. போனது 5,830 திர்ஹாம், நம்ம காசுக்கு ஒன்றேகால் லட்சத்துக்கு மேல்.

இது எனக்குத் தெரிய வந்ததே ரூம்மேட்டால்தான். குளச்சல்காரர், என்னைவிட மூத்தவர், இரண்டு மாதம் கழித்து அதே கம்பெனியை விட்டார். அவருக்கும் இதே மாதிரித் தாள். "மக்கா, பழைய பேசிக்கை வச்சுல்லா போட்டிருக்கான்" என்று போனில் சொன்னார். அவர் கையெழுத்துப் போடவில்லை. "நீயா ராஜினாமா பண்ணினா குறையும்" என்று மிரட்டியும் பார்த்திருக்கிறார்கள். அப்படிக் குறைக்கிற கதையெல்லாம் 2022 பிப்ரவரி 2-ல் புதிய சட்டம் வந்ததோடு முடிந்தது. அவர் கடைசி ஒப்பந்தத்தின் நகலோடு அங்குள்ள தொழிலாளர் அமைச்சகமான MOHRE-யில் புகார் போட்டார். அங்கிருந்து கம்பெனிக்கு அழைப்பு போனதும் புதுத் தாள் வந்தது, காசும் வந்தது. வேலை முடிந்து 14 நாளுக்குள் பாக்கி முழுவதும் தர வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். எனக்கு ஃபிளைட்டுக்கு முந்தின ராத்திரி வரை ஏன் இழுத்தார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

சவுதிக்காரர்கள் இந்தக் கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே நாள் விகிதமும் வேறு, ராஜினாமா செய்தால் குறைகிறதும் உண்டு.

போன வாரம் அக்கா மகன் ஆஃபர் லெட்டரோடு வந்தான். துபாய், மொத்தம் 1,800, பேசிக் 800. "மாமா, 1,800 கிடைக்குதுல்லா, எப்படிப் பிரிச்சா என்ன?" என்றான். 800 பேசிக்கில் ஐந்து வருடத்துக்குச் சர்வீஸ் பணம் 2,800. அதே 1,800-ல் பேசிக்கை 1,200 ஆக்கினால் 4,200. பேசிக்கை ஏற்றித் தரச் சொல்லி ஏஜென்டுக்கு எழுத வைத்திருக்கிறேன். பதில் வரும் வரை பாஸ்போர்ட் எங்கள் வீட்டு அலமாரியில்தான்.